ஐந்தாம் அத்தியாயம்: பேத்தியின் கலியாண அட்டையில் நாலு வரி

கலியாண அழைப்பிதழின் தலைப்பில் தாத்தா பாட்டியின் பெயரை அச்சிட்டு, "இவர்களின் நல்லாசியுடன்" என்று ஒரு வரி சேர்ப்பது அச்சகத்தாரின் வேலை; அதில் நீங்கள் செய்வதற்கு ஒன்றுமில்லை. இவ்வத்தியாயம் சொல்வது வேறொரு காரியம். கடையில் வாங்கிய வாழ்த்து அட்டையின் உட்பக்கத்தில், பேரனுக்கோ பேத்திக்கோ உங்கள் கையாலேயே எழுதித் தரும் சிறு ஆசீர்வசனத்தைப் பற்றியது இது. முன்னெல்லாம் கலியாணப் பந்தலில் பெரியோர் ஒருவர் எழுந்து நின்று விருத்தத்தில் வாழ்த்து மடல் வாசிப்பார். அதைக் கண்ணாடிச் சட்டமிட்டு மணமக்கள் வீட்டுச் சுவரில் மாட்டுவார்கள். அந்த மடல் சபைக்காக எழுதப்பட்டது. ஆகையால் அதில் அணியும் அலங்காரமும் பொருந்தின. அட்டையில் எழுதும் நாலு வரியோ இரண்டே பேர் படிப்பதற்கானது. மடலின் நடையை இங்கே கொண்டுவந்து கொட்டினால், பெரிய மனிதர் ஒருவர் மேடையில் பேசியது போலிருக்குமே தவிர, தாத்தா பேசியது போலிராது.

எழுதுவதற்குமுன் தெரிந்துகொள்ள வேண்டிய அளவுகள்

சாதாரண வாழ்த்து அட்டையை விரித்தால் வலப்பக்கம் ஏறத்தாழ 15 சென்டிமீட்டர் அகலமும் 21 சென்டிமீட்டர் உயரமும் இருக்கும். எழுபது வயதுக் கை எழுதும் எழுத்துக்கு ஒரு வரியில் ஐந்து சொல்லுக்குமேல் பிடிக்காது. வரிக்கு வரி ஒன்றேகால் சென்டிமீட்டர் இடைவெளி விட்டு, மேலும் கீழும் ஓரம் ஒதுக்கினால், எட்டு அல்லது ஒன்பது வரிகளே கிடைக்கும். ஆகவே உங்களுக்குரிய கணக்கு நாற்பது சொற்கள். இந்தக் கணக்கை முதலிலேயே மனத்தில் கொள்ளாதவர்கள்தாம், கடைசி மூன்று வரிகளை எறும்பு வரிசையாக நெருக்கி, ஓரத்தில் மேல்நோக்கி வளைத்து எழுதி முடிக்கிறார்கள்.

செய்முறை வரிசை

1. கலியாணத்துக்கு ஒரு வாரம் முன்னதாகவே அட்டையை வாங்கிவிடுங்கள். உட்பக்கம் வெறுமையாக உள்ளதாகப் பாருங்கள். அச்சடித்த வாசகம் இருந்தால் அதற்கும் உங்கள் வாசகத்துக்கும் இடையே சண்டை வரும்.

2. ஒரு தனித் தாளில், அந்தப் பேரப்பிள்ளை செய்து நீங்கள் கண்ணால் கண்ட மூன்று காரியங்களை எழுதுங்கள். குணங்களை எழுதாதீர்கள், காரியங்களை எழுதுங்கள். "நல்ல பெண்" என்பது குணம். "மழையில் நனைந்த பூனைக்குட்டியைப் பள்ளிப் பைக்குள் வைத்துக்கொண்டு வந்தாள்" என்பது காரியம்.

3. மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். மணமகனின் (அல்லது மணமகளின்) வீட்டார் படித்தாலும் பேத்திக்குக் கூச்சம் தராததே தேர்வுக்குத் தகுதியானது.

4. அந்தக் காரியத்திலிருந்து கிளைக்கும் ஒரே ஒரு விருப்பத்தைச் சொல்லுங்கள். ஆசியின் உயிர் இங்கேதான் இருக்கிறது; பொதுவான வாழ்த்துச் சொல்லை இதற்குப் பின்னால் ஒரு வரியில் வைத்தால் போதும்.

5. மணவாழ்வில் புதிதாகச் சேர்பவரை நோக்கி ஒரு வாக்கியமாவது எழுதுங்கள். இதை மறப்பவர் பலர்.

6. உரக்கப் படியுங்கள். நீங்கள் வாயால் சொல்லாத சொல் எது என்று காது காட்டிக்கொடுக்கும், அதை நீக்குங்கள். பிறகு சொற்களை எண்ணுங்கள்.

7. ஓரிரவு தாளை மூடி வையுங்கள். மறுநாள் காலை, வெளிச்சத்தில், அட்டையில் எழுதுங்கள்.

ஓர் அட்டை உருவான விதம்

குளுவாங் பக்கத்துத் தோட்டமொன்றில் முப்பது வருஷம் பால்வெட்டி, இப்போது டவுனில் மகன் வீட்டில் இருக்கும் என் நண்பர் ஒருவர், பேத்தியின் கலியாணத்துக்கு அட்டை எழுதிக்கொண்டு வந்து, திருத்தித் தரும்படி கேட்டார். பால்காட்டில் விடியுமுன் பெரட்டுக்கு நின்ற மனிதர். எழுத்து முத்து முத்தாக இருந்தது. ஆனால் அவர் எழுதியிருந்தது இது: "திருவளர்ச்செல்விக்கு, நோய் நொடி இல்லாமல், சண்டை சச்சரவு இல்லாமல், கண் கலங்காமல், கணவன் மனம் கோணாமல் நடந்து, பதினாறும் பெற்றுப் பெருவாழ்வு வாழ்க."

படித்துவிட்டு, அந்தப் பெண் அவருக்கு என்ன செய்திருக்கிறாள் என்று கேட்டேன். நல்ல பெண் என்றார். அதை விட்டுவிட்டு, என்ன செய்தாள் என்று மறுபடியும் கேட்டேன். சற்று நேரம் சும்மா இருந்தவர், 2019-ஆம் வருஷம் பாட்டிக்குக் கண்ணில் புரை எடுத்தபோது, ஜொகூர் பாருவில் அரசாங்க அலுவலகத்தில் வேலையாயிருந்த அவள், ஒரு மாதம் முழுவதும் வியாழன் இரவுதோறும் லார்க்கினில் பஸ் ஏறி வந்து, சனிக்கிழமை மாலைவரை கூடவே இருந்து, கைக்கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்துச் சொட்டு மருந்து விட்டாள் என்றும், ஐந்து நிமிஷம் முன்னதாக விடச் சொன்னாலும் விடமாட்டாள் என்றும் சொல்லிச் சிரித்தார். (வெளி மாநில வாசகருக்கு ஒரு குறிப்பு: 2014 ஜனவரி முதல் 2024 முடியும்வரை ஜொகூரில் வெள்ளியும் சனியுமே வாராந்தர விடுமுறை, 2025 ஜனவரியிலிருந்துதான் மீண்டும் சனி, ஞாயிறு. அந்த வியாழனை மலாக்காக்காரர் யாராவது படித்தால் பிழையென்று எண்ணக்கூடும். திருத்த விடாதீர்கள், அந்த வியாழனில்தான் அந்த வருஷம் இருக்கிறது.)

மேலே சொன்ன வரிசைப்படி இரண்டாவது, மூன்றாவது படிகள் இவ்வாறு முடிந்தன. விருப்பத்தைக் கண்டுபிடிப்பது எளிதாயிற்று. கடிகாரம் பார்த்து மருந்துவிடும் பொறுமையே அவள் புதுமனைக்குக் கொண்டுபோக வேண்டிய சீர் என்று அவரே சொன்னார். "கணவன் மனம் கோணாமல் நடந்து" என்ற இடத்தில்தான் எங்களுக்குள் வாக்குவாதம் எழுந்தது. அது ஆசியன்று, உத்தரவு என்றேன். வேலைக்குப் போய் ஏழு மணிக்கு வீடு திரும்பும் பெண்ணுக்கு அதை எழுதுவதானால், மாப்பிள்ளைக்கும் சரியாக ஒன்றை எழுதும்படி வேண்டினேன். அவர் வெகுநேரம் யோசித்து, மாப்பிள்ளைக்கு ஒரு வேலை கொடுத்தார். முடிவில் அட்டையில் ஏறியது இதுதான்:

உ
அன்புப் பேத்திக்கும் மாப்பிள்ளைக்கும்,
பாட்டியின் கண் சிகிச்சையின்போது, ஒவ்வொரு வியாழன் இரவும் லார்க்கினில் பஸ் ஏறி வந்து, கடிகாரம் பார்த்து மருந்து விட்டாய், அம்மா. அந்தப் பொறுமை உன் புது மனையிலும் குடியிருக்கட்டும். மாப்பிள்ளை, அவள் களைத்து வரும் மாலையில் ஒரு கோப்பைத் தேத்தண்ணி கலந்து கொடுங்கள். இருவரும் பதினாறும் பெற்று நிறைந்து வாழ்க.
தாத்தா, பாட்டி
குளுவாங்

கையொப்பம் நீங்கலாக நாற்பது சொற்களுக்குள் அடங்குகிறது. பேத்தியை "நீ" என்றும், மாப்பிள்ளையை "நீங்கள்" என்றும் விளித்திருப்பதைக் கவனியுங்கள். நாளைக்கு உறவு முற்றியபின் அவரையும் "நீ" என்று அழைக்கலாம், ஆனால் கலியாண நாளில் அந்த மரியாதை மாறலாகாது. "தேநீர்" என்று எழுதலாமே என்று நான் சொன்னேன். ஆயுள் முழுவதும் தேத்தண்ணி குடித்தவன் கடைசியில் தேநீர் ஊற்றுவதாவது என்றார். அவர் சொன்னதே சரி.

மங்கலச் சொல்

நண்பரின் முதற் பிரதியில் வேறொரு பிழையும் உண்டு. அது பலருக்கும் கண்ணில் படாத பிழை. நோய், நொடி, சண்டை, சச்சரவு, கலங்குதல், கோணுதல் என ஆறு அமங்கலச் சொற்களை வரிசையாக எழுதிவிட்டு, ஒவ்வொன்றின் பின்னும் "இல்லாமல்" போட்டுவிட்டால் தீர்ந்தது என்று எண்ணுகிறோம். படிப்பவள் மனத்தில் தங்குவதோ அந்த ஆறு சொற்களே. நம் பாட்டியல் நூல்கள் ஒரு நூலின் முதற்சொல் திரு, சீர், பூ, பொன், மணி, உலகம் முதலிய மங்கலச் சொற்களில் ஒன்றாக அமைய வேண்டுமென்று விதித்தன. அட்டைக்கு அவ்வளவு கடுமையான விதி வேண்டியதில்லை. ஆனால் எழுதி முடித்ததும், "இல்லாமல்", "வராமல்", "இன்றி" என்பனவற்றைத் தேடிப் பிடித்து நேர்ச்சொல்லாக மாற்றுங்கள். "நோயில்லாமல்" என்பது "நலமுடன்" ஆகும். "பிரியாமல்" என்பது "சேர்ந்தே" ஆகும். கண் "அறுவை" என்று நண்பர் பிறகு எழுதியதைக் "கண் சிகிச்சை" என்று மாற்றியதும் இக்காரணத்தினாலேயே.

"பதினாறும்" என்பதைப் பதினாறு பிள்ளைகள் என்று எண்ணி, பேத்தி நாணுவாளே என்று சிலர் விட்டுவிடுகிறார்கள். கல்வி, ஆயுள், நட்பு, தேகசுகம், புகழ் முதலிய பதினாறு செல்வங்களையே அது குறிக்கும். அபிராமி பட்டரின் பதிகத்தில் அவை வரிசையாக வேண்டப்பட்டிருக்கின்றன. பிள்ளைச் செல்வம் அவற்றில் ஒன்று மட்டுமே. தைரியமாக எழுதலாம்.

அடிக்கடி நேரும் எழுத்துப் பிழைகள்

"திருவளர்ச்செல்வி", "திருநிறைச்செல்வன்" என்று அழைப்பிதழ்களிலேயே அச்சாகி வருவதால், பலரும் அதையே பார்த்து எழுதுகிறார்கள். வளர்செல்வி, நிறைசெல்வன் என்பன வினைத்தொகைகள். வினைத்தொகையில் வல்லினம் மிகாது. திருவளர்செல்வி, திருநிறைசெல்வன் என்பனவே சரி. வீட்டில் இன்னும் கலியாணத்துக்குப் பிள்ளைகள் இருந்தால் "திருவளர்" என்றும், கடைசிக் கலியாணமானால் "திருநிறை" என்றும் எழுதுவது வழக்கம். ஆனால் உங்கள் மடியில் வளர்ந்த பிள்ளையை நீங்கள் அப்படியா அழைத்தீர்கள்? பெயர் சொல்லி அழைப்பதே தாத்தா பாட்டிக்கு அழகு. வீட்டுச் செல்லப் பெயரை எழுதலாமா என்றால், "கண்ணம்மா" என்பது போல் எவர் காதுக்கும் இனிப்பதாயின் எழுதலாம். சிறுவயதில் கேலியாக வைத்த பெயரானால், சம்பந்தி வீட்டில் அது அன்றே பரவிவிடும்.

இன்னொன்று, பழைய எழுத்து. தமிழ்நாட்டில் 1978-இல் அரசாங்கம் எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்று, பின்னர் நம் நாட்டுப் பள்ளிகளிலும் அது புழக்கத்துக்கு வந்தது. அதற்கு முன் படித்தவர்கள் ணை, லை, ளை, னை ஆகிய நான்கையும் யானைத் தும்பிக்கை போன்ற கொம்பிட்டும், ணா, றா, னா ஆகியவற்றைக் கால் போடாமல் வளைத்தும் எழுதுவார்கள். கலியாணத்துக்கென்றே அமைந்தது போல, துணை, இணை, மனை, பதினாறு ஆகிய சொற்கள் எல்லாவற்றிலும் இவ்வெழுத்துகள் வந்து நிற்கின்றன. உங்கள் கை பழைய உருவத்தில் ஓடுமானால் ஓடட்டும். சேர்ந்த சொற்களைக் கொண்டு பேத்தி ஊகித்துக்கொள்வாள், பிற்காலத்தில் அதையே தொட்டுப் பார்ப்பாள். மணமக்களின் பெயரில் மட்டும் புதிய உருவத்தை எழுதுங்கள்.

பேனாவும் காகிதமும்

பளபளக்கும் அட்டையில் நீர் மையும் ஜெல் மையும் சீக்கிரம் உலராது. ஜொகூரின் ஈரக் காற்றில், அதிலும் நவம்பர் முதல் ஜனவரி வரையிலான மழைக்காலத்தில், காலையில் எழுதியது மத்தியானம் விரல் பட்டாலும் இழுபடும். சாதாரண பால்பாயிண்ட் பேனாவோ வழுக்கி, இடையிடையே எழுத்தை விழுங்கிவிடும். இதற்கு எளிய பரிகாரம், அட்டையின் உட்பக்கத்தைவிட ஓரமெல்லாம் அரை சென்டிமீட்டர் குறைவாகத் தடித்த வெள்ளைத் தாள் ஒன்றை வெட்டி, அதில் எழுதி, மேல் விளிம்பில் மட்டும் பசை தடவி உள்ளே ஒட்டிவிடுவதே. பிழை நேர்ந்தாலும் தாள்தானே போகும், அட்டை தப்பும். ஆசியில் அடித்தல் திருத்தல் இருப்பது அபசகுனம் என்று எண்ணும் குடும்பங்களுக்கு இது பெரிய நிம்மதி.

குறிப்பு: கோடு போட்ட நோட்டுத் தாளை அடியில் வைத்து, ஜன்னல் வெளிச்சத்தில் எழுதினால், மெல்லிய தாளில் கோடு நிழலாகத் தெரியும். தடித்த தாளானால் பென்சிலால் மெல்லக் கோடிட்டு, மை முற்றிலும் உலர்ந்தபின் அழியுங்கள். முந்தினால் மையும் சேர்ந்து போகும். கை நடுங்குகிறவர்கள் தடித்த முனைப் பேனாவால் பெரிதாக, இருபது சொற்கள் மட்டும் எழுதுவது நலம்.

பாட்டி எழுதப் படிக்காதவராயின்

தோட்ட லயங்களில் வளர்ந்த பாட்டிமார் பலர் பள்ளி வாசலை மிதித்ததில்லை. அவர்கள் சொல்ல மற்றவர் எழுதலாம். எழுதுகிறவர் தம் கல்வியைக் காட்டாமல், சொன்னபடியே எழுத வேண்டும். "நல்லாயிருக்கணும் ஆயி" என்று பாட்டி சொன்னதை "நீடூழி வாழ்க" என்று மாற்றுவது திருட்டு. கீழே பாட்டி தம் கையால் ஒரு புள்ளியோ, பிள்ளையார் சுழியோ இடட்டும். கைம்பெண்ணான பாட்டி, தாம் எழுதலாகாது என்று ஒதுங்கினால், அவர் பெயரைத் தாத்தாவின் பெயரோடு ஒரே வரியில் எழுதி, "உன் தாத்தாவும் நானும்" என்று தொடங்கச் சொல்லுங்கள். நான் கண்டவரையில் ஒவ்வொரு பேத்தியும் அந்த அட்டையைத்தான் முதலில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

பேரனுக்குத் தமிழ் வாசிக்க வராதாயின், அல்லது அவன் கைப்பிடிப்பவள் சீனப் பெண்ணாயின், தமிழிலேயே எழுதிவிட்டு, அட்டையின் இடப்பக்கத்தில் அதே சேதியை மலாயில் இரண்டு வரியாகப் பிறரைக் கொண்டு எழுதச் செய்யுங்கள். தமிழை ரூமி எழுத்தில் எழுதுவது பிரயோஜனப்படாது. ழகரமும் ளகரமும் குழம்பி, வாழ்த்து வேறொன்றாகிவிடும்.

எழுதக் கூடாதவை

வீட்டையோ நிலத்தையோ "உனக்கே தருகிறேன்" என்று அட்டையில் எழுதாதீர்கள். மலேசியாவின் 1959-ஆம் வருஷத்து உயில் சட்டப்படி உயிலுக்கு இரண்டு சாட்சிகள் கூட இருந்து கையொப்பமிட வேண்டும். அட்டை வரி உயிலாகாது, ஆனால் மற்றப் பேரப்பிள்ளைகளுக்குள் பூசல் விளைக்க அது போதும். கொடுத்த நகையின் பவுனையும், முன்பு நடந்த மனஸ்தாபத்தையும், வராத உறவினரின் பெயரையும் எழுதாதீர்கள். அட்டையை யாராவது படமெடுத்து அன்று மாலையே வாட்சப்பில் அனுப்பிவிடுவார்கள் என்று எண்ணிக்கொண்டே எழுதுங்கள்.

தேதி விஷயத்தில் ஒரு சிக்கல் உண்டு. இங்கே பதிவுத் திருமணம் பல மாதங்களுக்கு முன்பே முடிந்திருக்கலாம். தாலி கட்டும் நாளையே எழுதுங்கள். திருவள்ளுவர் ஆண்டு குறிக்க விரும்பினால் ஆங்கில வருஷத்தோடு 31 கூட்டுங்கள். 2026 பிப்ரவரியானால் 2057. ஜனவரி முதல் பாதியில், தை பிறக்குமுன், முந்தின ஆண்டே நடப்பிலிருக்கும்.

கொடுக்கும் வேளை

மணவறையில் கொடுக்கவே கூடாது. அட்சதையும் மஞ்சளும் குங்குமமும் பட்டு உறை கறையாகும்; மணமக்களின் கைகளோ வேறு வேலையில் இருக்கும். மண்டபத்து விருந்தில் மொய்ப் பெட்டியில் போடுவது அதைவிட மோசம். நூற்றுக்கணக்கான உறைகளோடு அது கலந்து, இரவில் பணம் எண்ணுகிறவர்களின் கையில் கிழிபட்டு, எண்ணி முடித்ததும் குப்பையோடு போய்விடும். 51 ரிங்கிட்டோ 101 ரிங்கிட்டோ தருவதானால் அதைத் தனி உறையில் பெட்டியில் போடுங்கள். அட்டைக்குள் பணம் வைக்காதீர்கள்.

பெண் வீட்டுத் தாத்தாவானால் முந்தின இரவு, நலங்கு முடிந்து பந்துக்கள் சாப்பிடப் போன சமயத்தில், பேத்தியின் கையிலேயே கொடுக்கலாம். பிள்ளை வீட்டாரானால் மறுவீட்டு விருந்தன்று இருவரும் காலில் விழுந்து எழுந்ததும் கொடுக்கலாம். கொடுத்துவிட்டு, அங்கேயே படிக்கச் சொல்லி நிற்காதீர்கள்.

அட்டையைச் சூட்டு இயந்திரத்தில் பிளாஸ்டிக் உறையிட்டு மூட வேண்டாம் என்று பேத்தியிடம் சொல்லி வையுங்கள். ஒருமுறை ஒட்டினால் பிறகு பிரிக்க இயலாது, உள்ளே ஈரம் அகப்பட்டால் பூஞ்சை படியும். கண்ணாடிச் சட்டம் போடுவதானால் கண்ணாடி காகிதத்தைத் தொடாதபடி நடுவே தடித்த அட்டை ஓரம் வைக்கச் சொல்லுங்கள். குளுவாங் நண்பரின் பேத்தி இரண்டும் செய்யவில்லை. சமையலறையில் தேயிலை டப்பா இருக்கும் அலமாரிக் கதவின் உட்புறத்தில், மாப்பிள்ளையின் கண்ணுக்கு நேராக, அதை ஒட்டி வைத்திருக்கிறாள்.